அப்பர் கடலில் பாடியது எது? சேனலில் திருத்தம் போட்ட அனுபவங்கள்

ஈசூன்வாசி: எங்கள் யூடியூப் திருமுறைச் சேனலில் ஒரு பேச்சாளர், அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளிய கதையைச் சொல்லி, "காதலாகிக் கசிந்து" பாடிவிட்டார். அது சம்பந்தர் பாடியது, மூன்றாம் திருமுறை. அப்பர் பாடியது "சொற்றுணை வேதியன்", நான்காம் திருமுறை. இரண்டுமே நமச்சிவாயப் பதிகம் என்பதால் மாறிவிட்டது. உடனே திருத்தத்தைக் கமெண்ட்டாகப் போட்டு மேலே பின் செய்தோம். அப்படியும் கோவிலில் ஒரு பாட்டி அந்தத் தவறான கதையையே பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பது டிவியில். கமெண்ட் பக்கமே போகமாட்டார். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பொங்கோல் தம்பி: அந்த இடத்தை எடிட்டரில் வெட்டிவிடுங்கள் அண்ணே. லிங்க், வியூஸ் எதுவும் போகாது. முடிந்தது.

தேவார ரசிகை: தம்பி சொல்வது பாதி சரி. லிங்க் மாறாது. ஆனால் ஒரு லட்சம் வியூஸ் தாண்டிய வீடியோவில், பார்ட்னர் திட்டத்தில் இல்லாத சேனல் வெட்ட முடியாது. அதைவிட, ஏற்கெனவே கேட்டவருக்கு வெட்டியது தெரியாதே! நாங்கள் டிஸ்கிரிப்ஷனில், நேரக் குறிப்புகளுக்குக் கீழே இப்படிப் போட்டோம்:

```
Corrections:
12:40 இங்கே பாட வேண்டியது "சொற்றுணை வேதியன்" (அப்பர், 4ஆம் திருமுறை)
```

தலைப்புச் சொல் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், விளக்கம் தமிழில் இருக்கலாம். அந்த நிமிடம் வரும்போது வீடியோ மூலையில் ஒரு கார்டு எட்டிப்பார்க்கும். சேனலுக்கு ஸ்ட்ரைக் இருந்தால் வராது.

ஜூரோங் மேரி: எங்கள் சபை வீடியோவில், "பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது" என்பதை இயேசு சொன்னதாகப் பேசிவிட்டார்கள். அது பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது, 1 தீமோத்தேயு 6:10. திருத்த ஷார்ட்ஸை முதலில் தவறான வரியோடு ஆரம்பித்தோம். அதைக் கேட்டதும் பலர் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிட்டார்கள். அப்புறம் முதல் வாக்கியத்திலேயே "இது பவுலின் வார்த்தை" என்று மறுபடி எடுத்தோம். பேசியவரே கேமரா முன் வந்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

சிராங்கூன் ரவி: நான் ஒரு சேனலில் தவறைச் சொன்னேன், கமெண்ட்டையே தூக்கிவிட்டார்கள். இதற்கு என்ன செய்யலாம்?

தேவார ரசிகை: ரவி சார், இங்கே பேச்சு சேனல் நடத்துபவர் பக்கம். இருந்தாலும் நிமிடத்தையும் பதிக எண்ணையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்.

ஈசூன்வாசி: கார்டு போட்டாயிற்று, நன்றி அக்கா. ஷார்ட்ஸும் எடுக்கிறோம், முதல் வரியே "சொற்றுணை வேதியன்". ஆனால் பேச்சாளர் பெரியவர், கேமரா முன் வரத் தயங்குகிறார். அவருக்குப் பதில் நாங்கள் சொன்னால் அவரைக் குறை சொல்வதுபோல் ஆகுமோ?

பொங்கோல் தம்பி: அவர் குரலை மட்டும் பதிவு செய்து பாருங்கள்.

ஜூரோங் மேரி: குரலே போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் தனியாகச் சுற்றும் பழைய துண்டை என்ன செய்வது? எங்களுக்கும் வழி கிடைக்கவில்லை. அது வந்த குழுக்களிலெல்லாம் புதியதை அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.