கம்பெனி பதிவுக்கு முன் எழுதிய சாஃப்ட்வேர் கோடு: ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

வணக்கம்ங்க. கோவையில் நாங்கள் மூன்று பேர், போர்வெல் மோட்டாருக்கான கண்ட்ரோலர் செய்கிறோம். ஃபவுண்டர்ஸ் அக்ரிமெண்ட் எழுதிக்கொண்டிருக்கிறோம். பங்கு படிப்படியாகச் சொந்தமாகும் வெஸ்டிங் முடிவாகிவிட்டது: 4 ஆண்டு, முதல் ஆண்டுக்குள் விலகினால் எதுவும் இல்லை. 30 சதவீதம் வைத்திருப்பவர் 18 மாதத்தில் போனால் 11.25 அவருக்கு, மீதியை முகமதிப்பில் மற்றவர்களுக்கு மாற்றித்தர வேண்டும். பொறுப்புகளிலும் சிக்கல் இல்லை.

குழப்பம் கோடில்தான். ஃபர்ம்வேர் முழுக்க ஒரு நண்பர் எழுதியது, கம்பெனி பதிவாகும் முன்பே. பங்கு கொடுத்துவிட்டதால் மட்டும் அது கம்பெனிக்குச் சொந்தமாகாது. உரிமையைக் கம்பெனிக்கு மாற்றி அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, அந்த மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மாற்றிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதாதவரை அதுவும் காலாவதி. எங்கள் டெம்ப்ளேட்டில் இந்த மூன்றும் இல்லை. நாளைக்குக் கம்பெனியை விற்கப்போனால் வாங்குபவர் முதலில் இதைத்தான் கேட்பார்.

இன்னொன்று, அப்போது அவர் ஒரு பம்ப் கம்பெனியில் வேலையில் இருந்தார். வேலையின் பகுதியாக எழுதியது என்றால் உரிமை அவர்களுக்கே. அவருடைய பழைய வேலை ஒப்பந்தத்தை யாரிடம் காட்டிக் கேட்கலாம்? இதில் அனுபவமுள்ள வக்கீல் கோவை, திருப்பூர், ஈரோட்டில் இருந்தால் சொல்லுங்க. இப்படிப் பழைய கம்பெனியிடம் எழுத்தில் ஆட்சேபணையில்லைக் கடிதம் வாங்கியவர்கள், எப்படிக் கேட்டீர்கள் என்றும் எழுதுங்க.