வாய்ஸ் ஓவர் மொத்த நேரம் சரி, ஆனால் ஆறாவது ஷாட்டில் குரல் பின்தங்குகிறது. எங்கே குறைப்பது?

பனங்காடு
கருப்பட்டி காய்ச்சுவது பற்றி 90 விநாடி வீடியோ. எடிட் முடிந்துவிட்டது, 25 ஃபிரேம் டைம்லைன். ஷாட்கள் விநாடியில்: பனையேறுவது 16, கலயத்திலிருந்து பதநீர் இறக்குவது 11, வடிகட்டி ஊற்றுவது 9, காய்ச்சுவது 22, பதம் பார்ப்பது 8, சிரட்டையில் ஊற்றுவது 6, கட்டியைத் தட்டி எடுப்பது 10, ஓலைக் கொட்டானில் அடுக்குவது 8.

ஸ்கிரிப்டை ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தால் 88 விநாடி வருகிறது. ஆனால் 66-வது விநாடியில் வர வேண்டிய சிரட்டை வரி 74-ல்தான் தொடங்குகிறது. அதற்குள் படத்தில் கட்டியைத் தட்டி எடுக்கிறார்கள். அந்த வரி இது:

"இவ்வாறு பதமாகக் காய்ச்சப்பட்ட பாகானது, வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றப்பட்டு, கெட்டியாகும் வரை ஆற வைக்கப்படுகிறது."

முதல் ஷாட்டின் வரி: "2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி பனங்கருப்பட்டி…" என்று தொடங்கி நான்கு வாக்கியம் போகிறது. கடைசி இரண்டு ஷாட்டுக்கும் சேர்த்து ஒரே வரிதான்.

கதிர்_எடிட்ஸ்
ரொம்ப சிம்பிள் ப்ரோ. நிமிஷத்துக்கு 150 வார்த்தை, அதாவது விநாடிக்கு ரெண்டரை. ஒவ்வொரு ஷாட்டோட நேரத்தையும் 2.5-ஆல பெருக்குங்க, அத்தனை வார்த்தைதான் எழுதணும். மொத்தமா பார்க்காம ஷாட் ஷாட்டா பாருங்க.

ஒலிமேடை
ஷாட் வாரியாகப் பார்க்க வேண்டும் என்பது சரி. 150 சொல் கணக்கு ஆங்கில வாசிப்புக்கு வந்தது, தமிழில் அது காலை வாரிவிடும். சிரட்டை வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 14 சொல். கதிர் சொல்வதுபோல் வகுத்தால் 5.6 விநாடி, ஆறு விநாடி ஷாட்டில் அழகாக உட்கார வேண்டும். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், பத்தைத் தாண்டும். "வைக்கப்பட்டிருக்கும்" ஒரு சொல்தான், "வரை" என்பதும் ஒரு சொல்தான். இரண்டுக்கும் ஒரே நேரம் எப்படி ஆகும்?

தமிழுக்குச் சொல்லை எண்ணாதீர்கள், எழுத்தை எண்ணுங்கள். புள்ளி வைத்த எழுத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். "ஊற்றப்பட்டு" என்பதில் ஊ, ற, ப, டு என்று நான்கு. கையால் எண்ண வேண்டாம், ஷாட்டுக்கு ஒரு வரி வீதம் எழுதி இதில் போடுங்கள்:

```python
import re
for v in open("vo.txt", encoding="utf-8"):
    print(len(re.findall("[அ-ஹ]", v)) - v.count("\u0BCD"))
```

எக்செல்லில் LEN போட்டால் கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணிவிடும், அது உதவாது.

முதலில் உங்கள் வேகம் தெரிய வேண்டும். இதே ஸ்கிரிப்டை, வீடியோவில் பேசப்போகும் தொனியிலேயே, சரியாக ஒரு நிமிடம் வாய்விட்டு வாசித்து, நின்ற இடம் வரை எண்ணிச் சொல்லுங்கள். மனதுக்குள் வாசித்தால் வேகம் கூடிவிடும், அந்தக் கணக்கு செல்லாது.

பனங்காடு
318 எழுத்து. சொல்லாக எண்ணினால் 84. சிரட்டை வரி 55 எழுத்து வருகிறது.

ஒலிமேடை
அப்படியானால் விநாடிக்கு 5.3. இதில் காற்புள்ளி, முற்றுப்புள்ளியில் நீங்கள் நிறுத்தியதும் அடங்கியிருக்கிறது, தனியாகக் கழிக்க வேண்டாம். 55-க்கு 10.4 விநாடி ஆகும்.

ஆறு விநாடி ஷாட்டுக்கு ஆறு விநாடியும் பேசக்கூடாது. படம் மாறியதும் கண் அதைப் பிடிக்க அரை விநாடி, முடிவில் அரை விநாடி விடுங்கள். மீதி 5 விநாடி, அதாவது 26 எழுத்து. இனி வரியைப் பாருங்கள். வரிசையாக அடுக்கியிருப்பது, சிரட்டை, ஊற்றுவது மூன்றும் திரையில் தெரிகின்றன. தெரியாதது இரண்டுதான்: பதம் வந்த பிறகே ஊற்றுகிறார்கள், ஆறினால் இறுகும். அதை மட்டும் சொன்னால்:

"பதம் வந்ததும் பாகு சிரட்டைக்குப் போகிறது. ஆறினால் கருப்பட்டி."

22 எழுத்து, நாலேகால் விநாடிக்குள் முடியும். நீளத்தைத் தின்றது பெரும்பாலும் "காய்ச்சப்பட்ட", "ஊற்றப்பட்டு", "வைக்கப்படுகிறது" என்ற செயப்பாட்டு வினைகள். "ஊற்றுகிறார்கள்" என்று எழுதினாலே வாக்கியம் இளைக்கும்.

இன்னொன்று, எண்கள். "2023-ல்" என்று தாளில் குட்டியாக இருக்கும். வாயில் அது "இரண்டாயிரத்து இருபத்து மூன்றில்", 12 எழுத்து, இரண்டு விநாடிக்கு மேல். மேலே உள்ள நிரல் இலக்கங்களை எண்ணாது, அதனால் எண்களை எழுத்தால் எழுதிவிட்டு ஓட்டுங்கள். உங்கள் முதல் ஷாட் கணக்கு இங்கேதான் கெட்டிருக்கும்.

செல்வி_ஆர்
எனக்கும் இதே பிரச்சினை! மொபைலில் எடுத்த சமையல் வகுப்பு, 40 நிமிடம். தனி மைக்கில் பதிவு செய்த குரல் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப்போக வாயசைவுக்குப் பின்னால் போகிறது. நானும் எழுத்தை எண்ண வேண்டுமா?

ஒலிமேடை
இல்லைங்க, உங்களுடையது வேறு. ஸ்கிரிப்டே இல்லாமல், வெட்டாத பதிவில் இடைவெளி சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போனால், மொபைல் ஃபிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்திருக்க வாய்ப்பு அதிகம். HandBrake-ல் Video பகுதியில் Constant Framerate தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு, மறுபடி சேர்த்துப் பாருங்கள். தீராவிட்டால் தனி இழை போடுங்கள்.

கதிர்_எடிட்ஸ்
எழுத்து கணக்கு ஒத்துக்கிறேன். ஆனா திரும்ப எழுதி, திரும்ப ரெக்கார்ட் பண்றதுக்கு, ஆடியோவோட டெம்போவை 15% ஏத்தினா போதாதா? இல்லன்னா சிரட்டை ஷாட்டை ஸ்லோ பண்ணிடலாம்.

வெட்டுமேசை
பத்து விநாடி வரியை ஐந்துக்குள் அடக்க 15% போதாது, இரண்டு மடங்கு வேகம் வேண்டும். நான் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டேன். அதற்கு மேல் போனால் "ட்ட", "ற்ற" மாதிரி இரட்டிப்புகள் ஒற்றையாகக் கேட்க ஆரம்பிக்கும், தமிழ்க் காதுக்கு உடனே உறுத்தும். ஸ்லோ செய்வது, 50 ஃபிரேமில் எடுத்திருந்தால் நல்ல யோசனைதான். பாகு ஊற்றுவதைப் பாதி வேகத்தில் பார்க்க அழகாகவே இருக்கும். 25-ல் எடுத்ததை நீட்டினால் அதே ஃபிரேம் இரண்டு முறை வந்து பாகு விட்டுவிட்டு ஒழுகும்.

அதைவிட முக்கியம், பனங்காடு, ஒரே கோப்பாகப் பதிவு செய்யாதீர்கள். முதல் ஷாட்டில் மிஞ்சியதுதான் அடுத்தடுத்த வரிகளை எல்லாம் தள்ளிக்கொண்டு போகிறது. ஷாட்டுக்கு ஒரு கோப்பாகப் பதிந்து, ஒவ்வொன்றையும் அதன் படத்தின் தொடக்கத்தில் வையுங்கள். அப்போது எந்த வரி மிஞ்சுகிறது என்று டைம்லைனிலேயே தெரியும், ஒன்று நீண்டாலும் மற்றது நகராது. டைம்கோடைப் பார்த்து நேரம் எடுக்கும்போது 06:20 என்றால் 6.2 விநாடி இல்லை. அது 20 ஃபிரேம், 25-ல் வகுத்தால் 6.8 விநாடி.

எனக்கு ஒலிமேடையோடு ஒரு வேறுபாடு உண்டு. எல்லா ஷாட்டிலும் அரை விநாடி காத்திருந்து பேசினால் படம் காட்டும் வகுப்பு மாதிரி ஆகிவிடும். பதம் பார்க்கும் ஷாட்டின் கடைசியிலேயே "பதம் வந்ததும்" என்று தொடங்கி, "சிரட்டை" என்ற சொல் வரும்போது படம் மாறினால் ஓட்டம் நன்றாக இருக்கும்.

ஒலிமேடை
பதம் பார்க்கும் ஷாட்டில் குரல் சீக்கிரம் முடிந்தால் செய்யலாம். இங்கே அந்த எட்டு விநாடியும் நிரம்பியிருக்கிறது. மேலும், கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்தே இராதவருக்குப் படம் முதலில் வருவதுதான் புரியும் என்பது என் எண்ணம்.

பனங்காடு
சிரட்டை வரி உட்கார்ந்துவிட்டது. முதல் ஷாட்டை எண்களை எழுத்தாக்கி எண்ணினால் 117, அதாவது 22 விநாடி. புவிசார் குறியீட்டுச் செய்தியைக் காய்ச்சும் ஷாட்டுக்கு மாற்றலாமா? அங்கே 22 விநாடி இருக்கிறது, இப்போது 90 எழுத்துதான் பேசுகிறேன்.

வெட்டுமேசை
90 என்றால் 17 விநாடி போய்விட்டது. முன்னும் பின்னும் அரை விநாடி விட்டால் மீதி நான்கு, சுமார் 21 எழுத்து. வருடத்தைச் சொன்னால் அதிலேயே 12 போய்விடும். வருடத்தைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிட்டு, "உடன்குடி கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு" என்று மட்டும் சொல்லுங்கள். 18 வரும், இடிபடாமல் நிற்கும். ஆனால் கொதிக்கிற சத்தத்துக்கு இடமே இல்லாமல் போகும். நானாக இருந்தால் அந்த 90-லிருந்து ஒரு வாக்கியத்தைக் கடைசி இரண்டு ஷாட்டுக்குத் தள்ளுவேன். அங்கே 18 விநாடிக்கு ஒரே வரிதானே இருக்கிறது.