நீக்கிய உரையாடலில் மட்டும் சொன்ன செய்தி: நினைவக வசதி தெரியாது என்கிறது, ஆனால் தெரிந்ததுபோல் பதிலளிக்கிறது

மலர்விழி (கேள்வி)

வணக்கம். நான் பயன்படுத்தும் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலியின் நினைவக வசதி பற்றி ஒரு சந்தேகம். என் தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதால், பொட்டாசியம் குறைவான உணவு வகைகளைப் பற்றி ஓர் உரையாடலில் விரிவாகக் கேட்டிருந்தேன். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.8 என்று வந்ததையும் அதில்தான் எழுதினேன். வீட்டிலுள்ள டேப்லெட்டைப் பிள்ளைகளும் எடுப்பார்கள் என்பதால், அந்த உரையாடலைப் பின்னர் நீக்கிவிட்டேன். வேறெந்த உரையாடலிலும் இதைக் குறிப்பிட்டதில்லை.

பிறகொரு நாள், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு எளிய சமையல் ஒன்று கேட்டபோது, அப்பாவையும் கருத்தில் கொண்டு உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கும்படி செயலி அறிவுறுத்தியது. அப்பாவின் நோயைப் பற்றி எப்போது சொன்னேன் என்று அதே இடத்தில் கேட்டேன். அப்படியோர் உரையாடல் தனக்குத் தெரியவில்லை என்றது. பரிசோதனையில் வந்த பொட்டாசியம் அளவு என்ன என்று கேட்டதற்கோ, தயங்காமல் 5.4 என்றது. நீக்கிய உரையாடலை அது படிக்கிறது என்றால் எண் ஏன் தவறாக வருகிறது? படிக்கவில்லை என்றால் உருளைக்கிழங்கு அறிவுரை எங்கிருந்து வந்தது?

தென்பொதிகை

நீக்கு என்று அழுத்தியவுடன் எதுவும் அழிந்துவிடுவதில்லை அம்மா. சாட்ஜிபிடி போன்றவற்றில் நீக்கிய உரையாடல் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து முழுவதும் அகல 30 நாள் வரை ஆகும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் செயலி பழையதை எடுத்துப் பார்க்கிறது. 30 நாள் பொறுத்திருங்கள், தானாக மறந்துவிடும்.

நிரலகன்

30 நாள் கணக்கு சரி. அதிலிருந்து பெறும் முடிவு சரியில்லை. உரையாடல் நீக்கப்பட்ட உடனேயே உங்கள் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. சேமிப்பகத்தில் அது இன்னும் சில நாள் கிடப்பது வேறு, பதில் எழுதும்போது மொழி மாதிரியின் முன்னே அது வைக்கப்படுவது வேறு. பொறுத்திருந்தாலும் இது சரியாகாது, ஏனெனில் உருளைக்கிழங்கு அறிவுரை அந்த உரையாடலிலிருந்து நேரடியாக வந்திருக்க வாய்ப்பில்லை.

நினைவகம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும், உள்ளே இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. சாட்ஜிபிடியில் 2024-இல் வந்தது `Saved memories` என்ற குறிப்புப் பட்டியல். உரையாடும்போதே முக்கியம் என்று தோன்றுவதை ஒற்றை வரியாக அதில் எழுதிக்கொள்ளும். 2025 ஏப்ரலில் சேர்ந்தது `Reference chat history`. இது பழைய உரையாடல்களிலிருந்து திரட்டியதைப் புதிய பதிலுக்குப் பயன்படுத்துகிறது. முதலாவது, உரையாடலுக்கு வெளியே தனியாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே உரையாடலை நீக்கினாலும் அதிலிருந்து எழுதப்பட்ட வரி அப்படியே இருக்கும்; அதைத் தனியே சென்று நீக்க வேண்டும். இது பிழையன்று, அந்நிறுவனத்தின் உதவிப் பக்கமே இப்படித்தான் சொல்கிறது. உங்கள் செயலி வேறாக இருந்தாலும், இதையொத்த பட்டியல் அமைப்புகளில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு நடந்ததை இதை வைத்துப் பாருங்கள். பட்டியலில், தந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு, பொட்டாசியம் குறைவான உணவு தேவை என்பது போன்ற ஒரு வரி இருக்கக்கூடும். சமையல் கேட்டபோது அந்த வரி உங்கள் கேள்வியோடு சேர்ந்து மாதிரியின் முன்னே வந்தது, அறிவுரை பிறந்தது. எப்போது சொன்னேன் என்று கேட்டபோது அது தேட வேண்டியது உரையாடலை; உரையாடல் இல்லை, எனவே தெரியாது என்றது. குறிப்பு வரி எந்த உரையாடலிலிருந்து வந்தது என்ற விவரம் மாதிரிக்குக் கிடைக்காமலே போகலாம். 5.8 என்ற எண்ணோ வரியில் ஏறவே இல்லை. சிறுநீரகம், பொட்டாசியம் என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு, அத்தகைய நோயாளிக்கு இயல்பாக வரக்கூடிய ஓர் எண்ணை அது இட்டு நிரப்பியிருக்கிறது. சாரம் சரியாக இருந்து, எண்ணும் தேதியும் மருந்துப் பெயரும் தவறினால், மூல உரையாடல் அதன் முன்னே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கணக்கர் சுந்தரம்

எனக்கு இதே சிக்கல்தான். என் கடைக்கான ஜிஎஸ்டி விலைப்பட்டியல் வடிவத்தை ஓர் உரையாடலில் பல திருத்தங்களுக்குப் பிறகு தயாரித்தேன். தவறுதலாக அந்த உரையாடல் நீங்கிவிட்டது. நினைவகம் இயக்கத்தில்தான் இருந்தது. அதே வடிவத்தைத் திரும்பத் தரும்படி கேட்டால், ஏறத்தாழ அதைப்போன்ற ஒன்றைத் தருகிறது, ஆனால் எச்எஸ்என் குறியீட்டுக்கான நெடுவரிசை இடம் மாறியிருக்கிறது. எப்படிக் கேட்டால் பழையது அப்படியே வரும்?

நிரலகன்

சுந்தரம் ஐயா, மலர்விழி அம்மாவின் கேள்வி போகாததைப் பற்றியது, உங்களுடையது போய்விட்டதைப் பற்றியது. எப்படிக் கேட்டாலும் பழையது அப்படியே வராது. உங்கள் கடையின் பெயரும் ஜிஎஸ்டி வடிவம் விரும்புகிறீர்கள் என்பதும் குறிப்பில் இருக்கலாம். வடிவம் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது. இனிமேல் கண்ணில் படாமல் இருந்தால் போதும் என்ற உரையாடலை நீக்காமல் காப்பகத்துக்கு நகர்த்துங்கள். அப்படி நகர்த்தியதைத் திரும்ப எடுக்க முடியும்.

மலர்விழி

நன்றி ஐயா. என் செயலியிலும் அப்படியொரு பட்டியல் இருந்தது. பிள்ளைகளின் பள்ளி, எனக்குப் பிடித்த எழுத்து நடை ஆகியவற்றுக்கு இடையே, தந்தைக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் என்றும் குறைந்த பொட்டாசிய உணவு தேவை என்றும் ஒரு வரி. நீங்கள் ஊகித்ததுபோல் எண் அதில் இல்லை. அந்த வரியை நீக்கினேன். ஆனால் மறுநாள் காலைச் சிற்றுண்டி கேட்டபோது, இளநீர் வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறது. பட்டியலைத் திரும்பப் பார்த்தேன், புதிய வரி எதுவும் சேரவில்லை.

தென்பொதிகை

அதனிடமே நேரடியாகக் கேட்டுவிடுங்களேன், என் தந்தையைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று. ஒன்றுமில்லை என்றால் நீங்கிவிட்டது என்று பொருள். நான் என் கணக்கில் அப்படித்தான் உறுதி செய்துகொள்கிறேன்.

நிரலகன்

அந்த முறையை நான் ஏற்கமாட்டேன் நண்பரே. ஓர் உரையாடல் நீக்கப்பட்டால், இங்கே ஒன்று இருந்தது, நீக்கப்பட்டது என்ற அடையாளம் எதுவும் மாதிரிக்குக் காட்டப்படுவதில்லை. ஒருபோதும் சொல்லாததும், சொல்லி நீக்கியதும் அதன் கண்ணுக்கு ஒன்றே. மேலும், மலர்விழி அம்மாவின் செயலி தெரியாது என்று சொன்ன அதே நாளில் அந்த வரி பட்டியலில் இருந்திருக்கிறது. ஆகவே மறுப்பை வைத்து எதையும் நிறுவ முடியாது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. தந்தையின் நோயைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று ஓர் உரையாடலில் கேட்டால், அந்த உரையாடலிலேயே தந்தையின் நோய் எழுதப்பட்டுவிடுகிறது. அம்மா, முதல் கேள்வியில் நீங்கள் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைச் சமையல் உரையாடலை நீக்கினீர்களா? இல்லையென்றால், உருளைக்கிழங்கு அறிவுரை, உங்கள் விசாரணை, பொட்டாசியம் பற்றிய கேள்வி எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. பழைய உரையாடல்களைப் பார்க்கும் இரண்டாவது ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால், இளநீர் அங்கிருந்து வந்திருக்கலாம். மூல உரையாடல் போன பிறகும், அதன் சாரம் குறிப்புக்குப் போய், குறிப்பிலிருந்து இன்னோர் உரையாடலுக்குள் ஏறியிருக்கிறது. அந்தச் சமையல் உரையாடலையும், காலைச் சிற்றுண்டி உரையாடலையும் நீக்குங்கள்.

பிறகு சோதிக்கும்போது விடையைக் கேள்வியில் வைக்காதீர்கள். வீட்டில் நால்வருக்கு ஒரு வார உணவுப் பட்டியல் என்று மட்டும் கேளுங்கள். அதே சொற்களை நினைவகத்தைப் பயன்படுத்தாத தற்காலிக உரையாடலிலும், சாட்ஜிபிடியில் `Temporary chat` என்று இருப்பது, கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். தற்காலிக உரையாடலிலும் சிறுநீரகம் தலைகாட்டினால், அது நினைவகமன்று. நீங்களே நிரப்பிய தனிப்பயன் அறிவுறுத்தல் பெட்டியைப் போய்ப் பாருங்கள், அங்கே எழுதியது தற்காலிக உரையாடலுக்கும் பொருந்தலாம்.

கயல்

ஒரு சிறு சேர்க்கை. எல்லாச் செயலியும் ஒற்றை வரிகளாக எழுதுவதில்லை. நான் பயன்படுத்தும் க்ளாடில், உரையாடல்களிலிருந்து ஒரு தொடர் சுருக்கம் உருவாகி, ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அத்தகைய ஏற்பாட்டில் உரையாடலை நீக்கிய அதே மணி நேரத்தில் சோதித்தால், பழைய சுருக்கத்தைத்தான் சோதிக்கிறோம். ஒரு நாள் விட்டுச் சோதிப்பதே நியாயம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். குறிப்பு தங்கிவிடுவதைக் குறையாகவே எல்லாரும் பேசுகிறீர்கள். நான் உரையாடல் பட்டியலை அடிக்கடி துடைத்துவிடுவேன், ஆனால் எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை என்பதை அது மறக்கக் கூடாது. உரையாடலோடு குறிப்பும் தானாகப் போய்விட்டால் எனக்கு அது இடையூறு.

நிரலகன்

கயல் சொல்லும் கால இடைவெளி சரி, நான் விட்டுவிட்டேன். குறிப்பும் சேர்ந்து போக வேண்டுமா என்பதில் எனக்கு உங்களோடு உடன்பாடில்லை. நீக்கும் நேரத்தில், இதிலிருந்து எழுதிய குறிப்புகள் இவை, இவற்றையும் நீக்கவா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. வரி எந்த உரையாடலிலிருந்து வந்தது என்ற தொடர்பைச் சேமித்தால்தான் அப்படிக் கேட்க முடியும், அது வேறு பேச்சு.

மலர்விழி

இரண்டு உரையாடல்களையும் நீக்கி, ஒரு நாள் விட்டு, நீங்கள் சொன்ன கேள்வியை இரு இடங்களிலும் கேட்டேன். வழக்கமான உரையாடலில் செவ்வாய்க்கு முருங்கைக்கீரைப் பொரியல், வியாழனுக்கு உருளைக்கிழங்கு வறுவல், எந்த எச்சரிக்கையும் இல்லை. தற்காலிக உரையாடலின் பட்டியலும் ஏறத்தாழ அப்படியே. ஆனால் வழக்கமான பட்டியலில் மட்டும், வெள்ளிக்கிழமை சாம்பாருக்கு உப்பைக் குறைத்துப் போடலாம் என்று ஒரு வரி இருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நிரலகன்

உப்பைக் குறைக்கச் சொல்வது யாருக்கும் சொல்லும் பொது அறிவுரை. அதை மட்டும் வைத்து, நினைவகத்திலிருந்து வந்ததா, பொதுவாகச் சொன்னதா என்று முடிவுசெய்ய முடியாது. அதே கேள்வியை இரு இடங்களிலும் மேலும் சில முறை கேட்டு, உப்பு வழக்கமான பக்கத்தில் மட்டுமே திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். குறிப்புப் பட்டியலை வரிவரியாகப் பார்க்க முடிந்தாலும், பழைய உரையாடல்களிலிருந்து திரட்டி வைத்ததைச் சாட்ஜிபிடி அப்படிப் பட்டியலிட்டுக் காட்டுவதில்லை. அதனால் வெளியிலிருந்து ஊகிக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஐயம் தீரவில்லை என்றால் `Reference chat history` போன்ற பொத்தானை அணைத்துவிடுங்கள். சாட்ஜிபிடியில் அதை அணைத்தால், திரட்டியதும் 30 நாளுக்குள் நீக்கப்படும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பிள்ளைகளின் பள்ளி பற்றித் திரட்டியதும் அதோடு போய்விடும், குறிப்புப் பட்டியலில் தனி வரியாக இருப்பது மட்டும் தங்கும்.