48-லிருந்து 16 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தாளச் சத்தத்தில் கீச்சொலி – உதவி தேவை

கும்பகோணம்: வணக்கம். எங்கள் ஊர்க் கோயில் புறப்பாட்டில் எடுத்த நாகஸ்வர, தவில் பதிவு 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. கோயிலில் காலையில் தானாகப் பாடும் பெட்டி 16 மட்டும்தான் ஏற்கும். மூன்று சாம்பிளுக்கு ஒன்றை எடுத்தால் போதுமே என்று பைத்தானில் `y = x[::3]` போட்டேன். தவில் நன்றாக இருக்கிறது. தாளம் தட்டும்போதெல்லாம் மூலத்தில் இல்லாத ஒரு கீச்சொலி கேட்கிறது. பெட்டியில் கோளாறா?

மயிலாடுதுறை: எனக்கும் இதேதான். 44.1 பாட்டைப் போட்டால் சுருதி ஏறி வேகமாக ஓடுகிறது.

திருவையாறு: ஐயா, உங்களுடையது வேறு. 44100 கோப்பை உங்கள் பெட்டி 48000 என்று எடுத்துக்கொண்டு வாசிக்கிறது. அதனால் சுமார் ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். கோப்பை முறையாக 48000-க்கு மாற்றிப் போடுங்கள்.

கும்பகோணம் தம்பி, பெட்டி மேல் பழி போடாதீர்கள். இது ஏலியாசிங். 16 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 8-க்கு மேல் எதற்கும் இடமில்லை. தாளத்தின் ஒலி 10, 11 தாண்டியும் போகும். அதை வடிகட்டாமல் சாம்பிளைத் தூக்கி எறிந்தால் 10 மடங்கி 6-இல் விழும், 11 வந்து 5-இல் விழும். மேலே ஏற ஏற கீழே இறங்குவதால் சுருதியோடு ஒட்டாமல் தனியாகக் கீச்சிடுகிறது.

தஞ்சாவூர்: அப்படியென்றால் மாற்றிய பிறகு ஈக்வலைசரில் 5-க்கு மேல் வெட்டிவிடலாமே? இனிமேல் தரத்தை எப்போதும் உச்சத்தில் வைத்துவிடுங்கள்.

திருவையாறு: வெட்டுவது சரி, ஆனால் மாற்றுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். மடங்கிய பிறகு 6-இல் நாகஸ்வரத்தின் சொந்த ஒலியும் போலியும் கலந்துவிடும், பிரிக்க வழியில்லை. சாக்ஸ் அந்த வடிகட்டலையும் சேர்த்தே செய்யும்:

```
sox -G in.wav -b 16 out.wav rate -h 16000
```

தரத்தில் `-q` வேண்டாம், அது அவசரத்துக்கு மட்டும். 16 பிட் கோப்புக்கு `-h` போதும், `-v` 24 பிட்டுக்குத்தான் தேவை. பைத்தானிலேயே செய்வதென்றால் `scipy.signal.resample_poly(x, 1, 3)`.

சந்தேகமிருந்தால் ஒரு சோதனை:

```
sox -n -r 48000 sweep.wav synth 10 sine 100:23000
```

இதை இரண்டு வழியிலும் மாற்றி ஸ்பெக்ட்ரோகிராமில் பாருங்கள். நல்ல மாற்றியில் கோடு 8-ஐ நெருங்கி மறையும். உங்கள் பழைய வழியில் 8-ஐத் தொட்டுத் திரும்பி இறங்கி, மறுபடி ஏறும்.

கும்பகோணம்: பார்த்தேன் அண்ணே, நீங்கள் சொன்னபடியே கோடு திரும்பி இறங்குகிறது. சாக்ஸில் மாற்றியதும் கீச்சொலி போய்விட்டது. ஆனால் தாளம் மங்கலாக இருக்கிறது. `-v` வைத்தால் திரும்புமா?

திருவையாறு: திரும்பாது. 8-க்கு மேலே இருந்தது போனது போனதுதான். 32 ஏற்கும் பெட்டி கிடைத்தால் நன்றாக இருக்கும்.

கும்பகோணம்: சரி. அப்புறம், நாகஸ்வரம் மைக்குக்கு அருகே வரும்போது ஒரு கரகரப்பு. அது மூலத்திலேயே இருக்கிறது.

தஞ்சாவூர்: அதுவும் ஏலியாசிங்தான்.

திருவையாறு: மூலத்திலேயே இருந்தால் இந்த மாற்றத்தால் வந்ததில்லை. ஆடாசிட்டியில் பெரிதாக்கிப் பாருங்கள், அலை உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் பதிவின் லெவல் அதிகம்.

கும்பகோணம்: சில இடங்களில் தட்டைதான். ஆனால் தட்டையாக இல்லாத இடத்திலும் கரகரக்கிறது. அந்தத் துண்டை ஏற்றுகிறேன், யாராவது கேட்டுப் பாருங்கள்.