ஒரு வருடம் மினிமம் மட்டும் கட்டினேன், அப்பாவின் நோட்டில் கணக்கு மாட்டிக்கொண்டது

தறிவீடு_ஈரோடு
போன வருடம் அம்மாவின் ஆபரேஷனுக்கு கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். சரியாக ஒரு லட்சம். அப்புறம் அந்தக் கார்டை வெளியே எடுக்கவே இல்லை. பில் வந்ததும் ஆப்பைத் திறந்தால் இரண்டு கட்டங்கள் இருக்கும்: மொத்தம், மினிமம். மினிமத்தைத் தொட்டுக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். 12 மாதம் ஒரு நாள் கூடத் தவறவில்லை.

அப்பாவுக்கு விஷயம் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நூல் கடைக்காரர்களிடம் பற்று வரவு எழுதும் நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். "கட்டுனது எவ்வளவு கண்ணு?" கூட்டிச் சொன்னேன், கிட்டத்தட்ட 58,900. "பாக்கி?" 87,800. பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப அசல்ல பன்னெண்டாயிரம்தான் கழிஞ்சிருக்குது. மிச்ச நாப்பத்தாறாயிரத்து எழுநூறு யாருக்குப் போச்சு?"

மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு என்று சொன்னேன். "நாலு வட்டியா? சந்தையில கந்துக்கு விடறவன்கிட்ட வாங்கியிருந்தாக்கூட கேட்டுக்கிட்டு வாங்கியிருப்ப" என்றார். அந்தக் 'கேட்டுக்கிட்டு' இன்னும் காதில் ஒலிக்கிறது. நான் எதையுமே கேட்கவில்லையே.

சேலம்_ரைடர்
ஓவராகப் பயப்படுகிறீர்கள் ப்ரோ. நான் மூன்று வருடமாக மினிமம்தான் கட்டுகிறேன். சிபில் ஸ்கோர் 760. லேட் ஃபீஸ் ஒரு ரூபாய் வந்ததில்லை. மினிமம் கட்டிவிட்டால் வட்டி பழைய பாக்கிக்கு மட்டும்தான், புதுசாக வாங்குவதற்கு எப்போதும் போல 45 நாள் ஃப்ரீ. உங்கள் அப்பா பழைய காலத்து ஆள், விடுங்கள்.

முன்னாள்_ஹெட்செட்
நான்கு வருடம் ஒரு கார்டு கால் சென்டரில் இருந்தேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

ஒரு டீச்சரம்மா போன் செய்தார். ரிட்டயர் ஆக ஐந்து வருடம் இருக்கிறது என்றார். பாக்கி ஏறக்குறைய ஒரு லட்சம், மாதாமாதம் மினிமம் கட்டுகிறார், கார்டைப் பயன்படுத்துவதில்லை. கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இது எப்ப முடியும்?" என் ஸ்க்ரீனில் அடுத்த தேதி, லிமிட், ரிவார்டு பாயின்ட் எல்லாம் இருந்தன. முடியும் தேதி என்று ஒரு கட்டம் இல்லை. "ரெகுலரா கட்டுங்க மேடம், குறைஞ்சிடும்" என்று சொல்லி போனை வைத்தேன். அன்று ராத்திரி ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன்.

மினிமம் என்பது அங்கே பாக்கியில் 5 சதவீதம். ஒரு லட்சத்துக்கு வட்டியும் வரியும் சேர்ந்தால் 1,04,130. அதில் 5 சதவீதம் 5,206. வட்டி, வரி 4,130 போக அசலில் கழிவது 1,076. அடுத்த மாதம் பாக்கி கொஞ்சம் குறைந்திருப்பதால் மினிமமும் கொஞ்சம் குறையும், 5,150 என்று வரும். பார்க்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். வினையே அங்கேதான். பாக்கி குறையக் குறைய நீங்கள் கட்டுவதும் கூடவே குறைகிறது, அதனால் முடிவு தள்ளிக்கொண்டே போகிறது. இப்படியே போனால் ஒரு லட்சம் ஐம்பதாயிரம் ஆவதற்கே 64 மாதம் ஆகும். ஐந்து வருடம் நான்கு மாதம். அதற்குள் கையிலிருந்து போயிருப்பது 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். டீச்சரம்மா ரிட்டயர் ஆகும் அன்று பாதிக் கடன் அப்படியே நிற்கும்.

இதில் என்னை உறுத்துவது ஒன்றுதான். அவர் முதல் மாதம் கட்டிய அதே 5,206ஐ, பில்லில் என்ன மினிமம் போட்டிருந்தாலும் கண்டுகொள்ளாமல் மாதாமாதம் கட்டியிருந்தால் 39 மாதத்தில் கடன் முழுசாக அடைந்திருக்கும். ஒரு ரூபாய் கூட அதிகம் வேண்டாம், குறைக்காமல் இருந்தால் போதும். 8,000 கட்ட முடிந்தால் 18 மாதம். இதை போனில் சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். ஸ்க்ரிப்டில் இல்லை, சொல்லவில்லை.

சேலம் தம்பிக்கு: லேட் ஃபீஸ் வராது என்பது சரி, தவணை தவறியதாக சிபிலில் ஏறாது என்பதும் சரி. அந்த 45 நாள் கதை தப்பு. மொத்தத்தையும் கட்டாத மாதத்திலிருந்து ஃப்ரீ நாட்கள் கிடையாது. இன்று மளிகை வாங்கினால் இன்றிலிருந்தே வட்டி ஓடும். பழைய பாக்கி முழுதும் தீரும் வரை அப்படித்தான்.

அண்ணாநகர்_சுமதி
நானும் ஏமாந்தேன், ஆனால் மினிமத்தில் இல்லை. பில் 42,500. கணக்கில் சரியாகப் பார்க்காமல் ரவுண்டாக 42,000 அனுப்பிவிட்டேன். 500தானே, அதற்கு இருபது ரூபாய் வட்டி போடுவான் என்று இருந்தேன். அடுத்த பில்லில் வட்டி மட்டும் 1,700 சொச்சம், ஜிஎஸ்டி 300 சொச்சம். சண்டை போட்டேன். 500க்கு வட்டி போடவில்லையாம். 42,500க்கும், நான் ஒவ்வொன்றையும் வாங்கிய நாளிலிருந்து பணம் கட்டிய நாள் வரை போட்டிருக்கிறார்களாம். அந்தப் பையன் பொறுமையாகத்தான் சொன்னான், எனக்குத்தான் ஆறவில்லை. அதற்கடுத்த மாதம் எல்லாம் கட்டிய பிறகும் 40 ரூபாய் சொச்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. பில் போட்ட நாளுக்கும் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டியாம்.

நெல்லை_வழிப்போக்கன்
தமிழ்நாட்டில் 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு. நாலு வட்டி வாங்கினால் கேஸ் போடலாமே? ஏன் யாரும் போடுவதில்லை?

முன்னாள்_ஹெட்செட்
வங்கியிடம் அது செல்லாது அண்ணே. வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் வங்கிக் கடனை நீதிமன்றம் மறுபடி திறந்து பார்க்க முடியாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே 21ஏ பிரிவு இருக்கிறது. 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டுக்கு வருடம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஒன்று மட்டும் உண்டு: மினிமம் கட்டினால் கடன் வளரக் கூடாது, அந்த அளவுக்காவது மினிமத்தை வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதி போட்டது. 'வளரக் கூடாது' என்றுதான் விதி. 'சீக்கிரம் முடிய வேண்டும்' என்று இல்லை.

வளையல்_அக்கா_திருச்சி
எல்லாரும் கணக்கே பேசுகிறீர்கள், வழி யாரும் சொல்லவில்லை. எனக்கும் 80,000 பாக்கி இருந்தது, வளையலை அடகு வைத்து ஒரே நாளில் கட்டினேன். அவ்வளவுதான் என் கதை. ஈரோடு தம்பி, நீயும் அதையே செய். வங்கியில் நகைக்கடன் நூற்றுக்கு முக்கால் வட்டி, கூடிப்போனால் ஒரு வட்டி. நாலு எங்கே, ஒன்று எங்கே. அடகுக் கடைக்குப் போகாதே, வங்கிக்கே போ. வருடக் கடைசியில் வட்டியும் அசலும் சேர்த்துக் கட்டுகிற மாதிரி கொடுப்பார்கள், அதை வாங்காதே, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட முடியுமா என்று கேள். ரசீதில் எடை, கல் கழித்த எடை இரண்டும் எழுதியிருக்கிறதா என்று கவுண்டரை விட்டு நகர்வதற்குள் பார். கார்டு பாக்கியையே இஎம்ஐ ஆக மாற்றித் தருகிறோம் என்று கூப்பிடுவார்கள், அது நாலு வட்டியை விடக் குறைச்சல்தான், ஆனால் ப்ராசஸிங் ஃபீஸ், வட்டிக்கு ஜிஎஸ்டி எல்லாம் அதிலும் உண்டு, கூட்டிப் பார்த்துவிட்டு தலையாட்டு. வீட்டில் நகை இல்லையென்றால் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் பர்சனல் லோன் கேள். எதுவானாலும் பணம் வந்த அன்றைக்கே கார்டில் கட்டிவிடு, மறுநாள் என்று வைத்தால் செலவாகிவிடும்.

சுந்தராபுரம்_87
அக்கா, வளையல் திரும்பி வந்ததா?

வளையல்_அக்கா_திருச்சி
இன்னும் இல்லை. கார்டு காலியானதும் லிமிட் முழுசாகத் திறந்தது, தீபாவளிக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன்.

சேலம்_ரைடர்
ஹெட்செட் அண்ணன் சொன்னதற்காக என் பில்லை முதல் முறையாக இரண்டாம் பக்கம் வரை படித்தேன். முந்தைய பாக்கி 71,000. ஃபைனான்ஸ் சார்ஜ் என்று 2,485, அதற்கு ஜிஎஸ்டி 447. இத்தனை நாள் அது ஏதோ வருடச் சந்தா என்று நினைத்திருந்தேன், மாதாமாதம் வருவது உறைக்கவே இல்லை. நான் கட்டியது 3,697. அசலுக்குப் போனது 765. அதே மாதம் பெட்ரோலுக்கு 2,100 தேய்த்திருக்கிறேன். ஆக கடன் கூடியிருக்கிறது. மூன்று வருடமும் இப்படித்தானா என்று பழைய பில்களைத் திறக்கத் தைரியம் இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன் அண்ணே. மாதக் கடைசியில் என் கையில் நாலாயிரம்தான் மிஞ்சுகிறது. மினிமம் என்று ஒன்று இல்லாவிட்டால் நான் என்றோ டிஃபால்ட். அதை முழுக்கத் திட்டவும் முடியவில்லை.

முன்னாள்_ஹெட்செட்
திட்டச் சொல்லவில்லை தம்பி. ஒரு மாதம் கை முடங்கினால் அது நல்ல கைத்தடிதான். பெட்ரோலை மட்டும் கையிலிருக்கும் காசில் போடுங்கள். நாலாயிரத்தைக் குறைக்காமல் கட்டுங்கள். அப்படியும் உங்கள் கணக்குக்கு மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும்.

தறிவீடு_ஈரோடு
இன்றுதான் இன்னொன்று கண்டுபிடித்தேன். கார்டு வாங்கும்போது ஆட்டோ டெபிட் படிவத்தில் 'மினிமம்' கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். ஏஜென்ட் பையன் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்த இடத்தில் கையெழுத்து. நான் மாதாமாதம் ஆப்பில் தொடாவிட்டாலும் அது தன்பாட்டுக்கு எடுத்திருக்கும். மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று, அடுத்த பில்லிலிருந்து என்கிறார்கள்.

நகைக்கு அம்மா சரி என்கிறார், அப்பா வேண்டாம் என்கிறார். இரண்டு தறியில் ஒன்றை விற்கலாமா என்று கூட ஒரு பேச்சு ஓடியது, அதை நான் நிறுத்திவிட்டேன். இப்போதைக்கு மாதம் 8,000 என்று முடிவு. நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்திருக்கிறார், மேலே என் பெயர், கீழே 'அசல்' என்று ஒரு பத்தி மட்டும். வட்டிக்குப் பத்தி போடவில்லையா என்று கேட்டேன். "அதைப் பார்த்தா கட்ட மனசு வராது" என்றார்.