இரண்டு நண்பர்கள், ஒரு ரிமோட், படமே பார்க்காத சாயந்திரம்: இது கதையா இல்லையா?

மொட்டைமாடி:
ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். சத்துவாச்சாரியில் ஒரே ரூமில் தங்கியிருக்கும் இரண்டு நண்பர்கள், செல்வாவும் முரளியும். சனிக்கிழமை 7 மணிக்கு பிரியாணி பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறார்கள், 11.30 வரை தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரு படமும் முடிவாகாமல் படுத்துவிடுகிறார்கள். படித்தவர்கள் எல்லோரும் "ஒண்ணுமே நடக்கலையே" என்கிறார்கள். ஒன்றும் நடக்காததுதானே கதை? எங்கே இடிக்கிறது? நடுவிலிருந்து ஒரு பகுதி:

"ஆக்‌ஷன் படம் வந்தது. வேண்டாம் என்றான் முரளி. பேய்ப் படம் வந்தது. வேண்டாம் என்றான் செல்வா. காமெடி வந்தது. பார்த்தாச்சுடா என்றான் முரளி. பாதி பார்த்து விட்டிருந்த படங்களின் வரிசை வந்தது. செல்வா அதையும் தாண்டினான். மலையாளப் படம் வந்தது. சப்டைட்டில் படிக்க முடியாது என்றான் முரளி."

காட்பாடி ஜங்ஷன்:
எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான் தம்பி. நானும் என் மச்சானும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும், படம் வராது. இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். ஒரு வாரம் அவர் மூன்று படம் சொல்வார், அதில் ஒன்றை நான் எடுக்க வேண்டும், அடுத்த வாரம் நான் சொல்வேன். மதியமே போனில் பேசி முடித்துவிடுவோம். டிவியைப் போட்ட பிறகு தேட ஆரம்பித்தால் முடியவே முடியாது. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மொட்டைமாடி:
அண்ணா, அவர்கள் கதையில் வருகிறவர்கள். படம் கிடைத்துவிட்டால் எனக்குக் கதையே இல்லை.

வெயிலூர்க்காரன்:
காரணத்தைக் கதைக்குள் கொண்டுவாருங்கள், அதுதான் குறை. தேர்வு அதிகமானால் மனிதனால் முடிவெடுக்க முடியாது, இது நிரூபித்த விஷயம். அமெரிக்காவில் ஒரு கடையில் ஜாம் வைத்துச் சோதனை செய்தார்கள், ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இருவர், 2000இல் கட்டுரையாக வந்தது. 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம் பேர் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில் படத்தைக் கொட்டி வைத்தால் செல்வா என்ன செய்வான், முரளி என்ன செய்வான்? குற்றவாளி அந்தத் திரைதான். கடைசிப் பத்தியில் இதைச் சொல்லிவிட்டால் "ஒண்ணும் நடக்கலையே" என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வாலாஜா ரோடு:
ஜாம் கணக்கு சரி, ஆனால் கதை அதோடு முடியவில்லை. இதே மாதிரி செய்த 50 சோதனைகளை 2010இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியில் அந்த விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். சில இடத்தில் தேர்வு கூடினால் ஆள் திணறுகிறார், சில இடத்தில் சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டு போகிறார். தனக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு எண்ணிக்கை பெரிய பாரமில்லை. அதனால் "படம் அதிகம், ஆகவே முடியவில்லை" என்று கடைசிப் பத்தியில் எழுதினால் அது பாதி உண்மைதான்.

இன்னொன்று, இதுதான் இந்தக் கதைக்கு உதவும் என்று நினைக்கிறேன். நெட்ஃப்ளிக்ஸில் வேலை செய்த இருவர் 2015இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பார்க்கிறவர் 60 முதல் 90 வினாடி தேடுவார், பத்திருபது படங்களைக் கண்ணால் மேய்வார், அதற்குள் எதுவும் பிடிக்காவிட்டால் ஆர்வம் போய்விடும், விட்டுவிட்டுப் போய்விட வாய்ப்பு அதிகம் என்று அதில் இருக்கிறது. சாதாரணமாக ஒன்றரை நிமிஷத்தில் சலித்துப்போகிற வேலையை உங்கள் ஆட்கள் நாலரை மணி நேரம் செய்கிறார்கள். அப்படியென்றால் அவர்கள் அங்கே படம் தேடவில்லை. வேறு என்னவோ செய்கிறார்கள். அது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?

மொட்டைமாடி:
தெரியும் என்றுதான் நினைத்தேன். இரண்டு பேரும் களைத்துப்போய் இருக்கிறார்கள். செல்வா ஆஸ்பத்திரி லேப்பில் வேலை செய்கிறான், வாரத்தில் சில நாள் நைட் டூட்டி. முரளி ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில்.

ஆரணிக்காரி:
தம்பி, நீங்கள் போட்டிருக்கும் பகுதியை வைத்தே பேசுகிறேன். அந்த "வேண்டாம்"களை இடம் மாற்றிப் பாருங்கள். பேய்ப் படத்தை முதலில் போடுங்கள், மலையாளப் படத்தை இரண்டாவதாகப் போடுங்கள், செல்வா சொன்னதை முரளி சொல்லட்டும். ஏதாவது கெட்டுப்போகிறதா? ஒன்றும் கெடாது. வாக்கியங்களை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் அதே பொருள்தான் வருகிறது என்றால் அது இன்னும் பட்டியல்தான். நாலாவது "வேண்டாம்", மூன்றாவது சொன்னதால் வர வேண்டும். உங்களிடம் படிப்பவர்கள் "ஒண்ணும் நடக்கலையே" என்று சொல்வது இதைத்தான். படம் ஓடவில்லை என்பது அவர்கள் குறையில்லை.

நிறையப் பேர் இந்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு காரணத்தைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள். மறுநாள் முரளி துபாய் போகிறான், செல்வாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, இந்த மாதிரி. வேண்டவே வேண்டாம். உங்களுக்குத் தேவையானதை நீங்களே எழுதி வைத்துவிட்டு, கவனிக்காமல் கடந்து போயிருக்கிறீர்கள். "பாதி பார்த்து விட்டிருந்த படங்களின் வரிசை வந்தது. செல்வா அதையும் தாண்டினான்." அந்த வரிசையில் ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று ஒரு கோடு இருக்கும். ஒரே ரூம், ஒரே கணக்கு, ஒரே புரொஃபைல். ஒருவன் தனியாகப் பார்த்தது இன்னொருவனுக்குத் தெரிகிற ஒரே இடம் அதுதான். நான் எழுதினால் இப்படிப் போவேன்:

"பாதி பார்த்து விட்டிருந்த படங்களின் வரிசை வந்தது. முதல் படத்தின் அடியில் சிவப்புக் கோடு முக்கால்வாசிக்கு மேல் ஓடியிருந்தது. பொங்கலிலிருந்து ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதாகச் சொல்லி வைத்திருந்த படம். செவ்வாய்க்கிழமை செல்வாவுக்கு நைட் டூட்டி.

'இன்னாடா, அங்கியே நின்னுகினு கீற?' என்றான் முரளி, பிரியாணியில் கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கிக்கொண்டே.

'நெட்டு ஸ்லோடா' என்று செல்வா கீழே தள்ளினான்."

இதற்குப் பிறகு நீங்கள் எழுதி வைத்திருக்கும் வசனங்களில் பெரும்பாலானவற்றை மாற்றவே வேண்டாம். அடுத்து முரளி "உன் இஷ்டம்டா" என்று சொன்னாலும் அது வேறு மாதிரி கேட்கும், செல்வா "பார்த்தாச்சு" என்று சொன்னாலும் வேறு மாதிரி கேட்கும். ரிமோட்டை செல்வா கையிலேயே வையுங்கள், கடைசிவரை. கோபமாக இருக்கிறவன் நல்லவனாக நடந்துகொண்டே ஒவ்வொரு படத்தையும் தட்டிக்கழிக்க முடியும், அதுதான் நாலரை மணி நேரம். இந்த இடம் கதையின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிடட்டும். அதற்கு முன்னால் உள்ள ஒரு மணி நேரத்தை ஒரே பத்தியில் சொல்லிவிடலாம்.

கோட்டை அகழி:
அக்கா எழுதிய பத்தி நன்றாக இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. அதை முழு மனதோடு எதிர்க்கிறேன். அந்தச் சிவப்புக் கோடு வந்த நிமிஷத்திலிருந்து வாசகனுக்கு ஒரே கேள்விதான், முரளி அன்றைக்கு யாரோடு பார்த்தான், ஏன் சொல்லவில்லை. துரோகம், மனத்தாங்கல், நட்பில் விரிசல், இவற்றை நாம் பழைய பத்திரிகைக் கதைகளில் நிறையப் படித்துவிட்டோம். இவர் எழுத வந்தது யார்மேலும் தப்பில்லாத ஒரு சாயந்திரம். ரெண்டு பேருக்கும் பகை கிடையாது, மறைப்பது ஒன்றும் கிடையாது, இருந்தும் முடியவில்லை. அதுதான் இன்றைக்கு நம் ஒவ்வொரு வீட்டிலும் நடப்பது, அதை அப்படியே எழுதிக்காட்ட யாராவது வேண்டாமா?

அதற்கு ரகசியம் தேவையில்லை, வாக்கியத்தின் நீளம் போதும். முதல் பக்கத்தில் ஒரு படத்துக்கு ஒரு பத்தி கொடுங்கள். நடிகர் யார், கடைசியாக அவர் படம் எப்படி இருந்தது, எந்தத் தியேட்டரில் பார்த்தோம், எல்லாம் பேசட்டும். இரண்டாம் பக்கத்தில் ஒரு படத்துக்கு ஒரு வாக்கியம். மூன்றாம் பக்கத்தில் படத்தின் பெயர்கூட வேண்டாம், முகம், துப்பாக்கி, மழை, முகம் என்று போகட்டும். கடைசியில் வெறும் பொத்தான் சத்தம். பேச்சு எப்படிக் கரைந்துபோகிறது என்பதே நிகழ்ச்சி. இதில் வரிசையை மாற்றினால் கண்டிப்பாகக் கெட்டுப்போகும், உங்கள் பரிசோதனைக்கும் இது நிற்கும் அக்கா.

ஆரணிக்காரி:
பேச்சு சுருங்கிக்கொண்டே போவது நல்ல உத்தி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே வாசகருக்கு அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்துவிடும், தெரிந்த பிறகு படிக்க என்ன இருக்கிறது? மிக்சியில் மாவு அரைபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஆகிவிடும். அந்த உத்தியில் பேச்சு குறைகிறதே தவிர, அந்த இருவருக்குள் ஒன்றும் மாறுவதில்லை.

துரோகம் என்று பெரிதாக்க வேண்டாம். முரளி தனியாகத்தான் பார்த்திருப்பான், தூக்கம் வரவில்லை, போட்டான். அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒருவனுக்கு விஷயமே இல்லாதது இன்னொருவனுக்குத் தொண்டையில் நிற்கிறது, அதைக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது. "என்னை விட்டுட்டு நீ எப்படிப் படம் பார்த்தே" என்று முப்பது வயது ஆள் எப்படிக் கேட்பான்? கேட்க முடியாததால்தான் தள்ளிக்கொண்டே இருக்கிறான். இதில் கெட்டவன் யாரும் இல்லை.

வெயிலூர்க்காரன்:
கடைசியில் கேட்டுவிடட்டும். விளக்கை அணைத்த பிறகு. அப்படியாவது ஒரு முடிவு வரும்.

வாலாஜா ரோடு:
கேட்டால் கதை அங்கேயே செத்துவிடும். முரளி "சாரிடா" என்பான், அதற்குமேல் அவர்கள் படம் பார்க்காமல் இருக்கக் காரணமே கிடையாது. அந்தப் படத்தையே போட்டுவிடுவார்கள்.

மொட்டைமாடி:
அந்த வரிசையைத் தாண்டினான் என்று எழுதியபோது நான் ஒன்றும் யோசிக்கவில்லை, அங்கே ஒரு வரிசை இருக்கும் என்று எழுதினேன், அவ்வளவுதான். அக்கா சொன்ன மாதிரி மாற்றி எழுதிப் பார்க்கப் போகிறேன். அகழி சொன்ன சுருக்கத்தை அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் வைத்துக்கொள்ளலாமா? கோட்டைப் பார்த்த பிறகு செல்வாவின் பேச்சு மட்டும் குறைகிறது, முரளி எப்போதும்போல வளவளவென்று பேசிக்கொண்டிருக்கிறான்.

ஆரணிக்காரி:
தாராளமாக. அதுதான் நான் கேட்ட மாற்றம்.

கோட்டை அகழி:
என் யோசனையை எடுத்துக்கொண்டதில் சந்தோஷம், ஆனால் எனக்கு இன்னும் சம்மதமில்லை. காரணம் தெரிந்த மௌனம் எளிது. காரணமே தெரியாத மௌனத்தை எழுதிக்காட்டுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டையும் எழுதி இங்கே போடுங்கள், படித்துவிட்டுச் சண்டை போடுவோம்.

காட்பாடி ஜங்ஷன்:
கதை எழுதத் தெரியாது எனக்கு, ஒரு சந்தேகம் மட்டும். அந்த வரிசையிலிருந்து ஒரு படத்தை எடுத்துவிட முடியுமே. படத்தின் மேல் வைத்து அமுக்கினால் நீக்கு என்று வருகிறது, என் பையன் அடிக்கடி செய்கிறான். முரளி மறைக்க நினைத்திருந்தால் நீக்கியிருப்பானே?

வாலாஜா ரோடு:
நல்ல கேள்வி. மறைக்க நினைக்கவில்லை, அதனால் நீக்கவில்லை என்று அக்கா சொல்வார்கள். செல்வா கண்ணில் படட்டும் என்றே விட்டிருக்கலாம் என்றும் ஒருவர் படிக்கலாம். மொட்டைமாடி, எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எழுத வேண்டியதில்லை.

மொட்டைமாடி:
இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முரளியின் செவ்வாய்க்கிழமை ராத்திரியை முதலில் எனக்காகத் தனியாக எழுதிப் பார்க்கிறேன், கதையில் சேர்க்க மாட்டேன். அதற்குப் பிறகுதான் சனிக்கிழமை.