‘சோழர் கால நீர்ப்பாசனம்’: 15 நிமிட உரைக்கு எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி (தமிழ் இளங்கலை மாணவி): கருத்தரங்கில் இத்தலைப்பில் பேசப் பணித்திருக்கிறார்கள். வரலாற்றுப் படிப்பு எனக்குப் பள்ளியோடு நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால் கரிகாலன், கல்லணை, வீராணம், குடவோலை எல்லாம் ஒரே பக்கத்தில் கலந்து வருகின்றன. எங்கே தொடங்கலாம்?

பொறியாளர்: கல்லணையை விட்டுவிட்டு இத்தலைப்பில் பேசவே முடியாது. அதில் தொடங்கி, வீராணம் வழியாக ஏரிகளுக்கு வாருங்கள். அனைத்தும் சோழர் பணிதானே.

கல்வெட்டு படிப்பவர்: ஐயா சொல்வதில் பாதி சரி. வீராணம் முதலாம் பராந்தகன் காலத்தது. அவன் 907இல் அரியணை ஏறினான். கரிகாலனோ சங்ககாலச் சோழன். இருவரையும் 15 நிமிடத்தில் சேர்த்தால் இடையிலுள்ள நூற்றாண்டுகளை விளக்கவே நேரம் போய்விடும். ஆகவே தங்கையே, காலத்தையும் ஊரையும் முதலில் குறுக்குங்கள். ‘பராந்தகன் காலத்து உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?’ என்ற ஒரே கேள்வி போதும்.

சான்றுக்கு நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றில் ஊராட்சி பற்றிய பகுதியைப் படித்து, அடிக்குறிப்புகள் காட்டும் கல்வெட்டுகளுக்குச் செல்லுங்கள். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆகிய ஆண்டுகளின் இரு கல்வெட்டுகள் உள்ளன. பிந்தையதன்படி, குடும்பு எனப்பட்ட 30 ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுள்ளோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். அவ்வாறு வந்த முப்பதின்மரில் ஆறு பேர் ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்குச் சென்றார்கள். வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலி அளவுக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை.

ஒரு கட்டுரையை நம்பலாமா என்பதையும் இதை வைத்தே சோதிக்கலாம். ‘மக்கள் அனைவரும் வாக்களித்தனர்’ என்று எழுதியிருந்தால், அவர் கல்வெட்டைப் படிக்கவில்லை. அங்கே நடந்தது திருவுளச் சீட்டு.

விவசாயி மகன்: எங்கள் ஊர் ஏரியின் மதகை குடிமராமத்தில்தான் சரிசெய்தார்கள். அதைப் படமெடுத்துக் காட்டுங்களேன், கேட்பவர்களுக்கு எளிதில் புரியும்.

கல்வெட்டு படிப்பவர்: படம் நல்லதுதான், தம்பி. ஆனால் இன்றைய மதகு சோழர் காலத்துக்குச் சான்றாகாது. ‘இக்காலப் படம்’ என்று கீழே எழுதிவிட வேண்டும்.

மாணவி: தலைப்பையே மாற்றியதாகப் பேராசிரியர் கருதமாட்டாரா?

வரலாற்று ஆசிரியை: தந்த தலைப்பை அப்படியே வைத்து, ‘உத்திரமேரூர் ஏரி வாரியம்’ என்று துணைத்தலைப்புச் சேர்த்து, தயாரிக்கும் முன்பே அவரிடம் காட்டிவிடுங்கள். எனக்குள்ள தயக்கம் வேறு. உத்திரமேரூர் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாக அளித்த ஊர். அதன் சபை, பிற ஊர்களின் ஏரி மேலாண்மைக்கு எந்த அளவு சான்றாகும்?

கல்வெட்டு படிப்பவர்: முழுச் சோழ நாட்டுக்கும் ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேர்வு முறை இவ்வளவு விரிவாகக் கிடைக்கும் இடம் இதுதான் என்பதால் நான் இதையே எடுப்பேன்.

வரலாற்று ஆசிரியை: நானாக இருந்தால், பிரமதேயமல்லாத ஓர் ஊரின் கல்வெட்டு ஒன்றையாவது அருகில் வைப்பேன்.